பூனையை மடியருகே கொண்டுசெல்வதா, சரக்கறையில் அனுப்புவதா?

இரண்டு விமானங்கள் மாறிச் செல்லவேண்டிய ஒரு பயணத்துக்கு எங்கள் பூனையை அழைத்துச் செல்ல நேர்ந்தபோது, அதனைக் கேபினில் எங்களுடனேயே கொண்டுசெல்வதா, பதிவுசெய்த சுமையாகச் சரக்கறையில் அனுப்புவதா, எங்கள் பயணச்சீட்டோடு சேராத தனிச் சரக்காக அனுப்புவதா என்று மூன்று வழிகளையும் அளந்து பார்த்தோம். இறுதியில் கேபினையே தேர்ந்தெடுத்தோம். ஐந்து கிலோ அளவிலான, ஆரோக்கியமான பூனைக்கு வழித்தடம் அனுமதிக்கும்வரை அதுவே நல்லது என்பது என் உறுதியான கருத்து. அந்த முடிவை எங்களுக்கு எடுத்துக்கொடுத்தது கட்டணம் அன்று, பெட்டியின் அளவுதான்.

தடுப்பூசி, மைக்ரோசிப், மருத்துவரின் சான்றிதழ் ஆகியவை பெரும்பாலும் எந்த வழிக்கும் பொதுவானவை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் செல்வதானால் மைக்ரோசிப் பொருத்திய பிறகே வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டிருக்கவேண்டும், முதல் ஊசியாக இருந்தால் அதன்பின் 21 நாட்கள் கழிந்திருக்கவேண்டும். வரிசை மாறினால் ஊசியை மறுபடி போட்டு, நாட்களையும் மறுபடி எண்ணவேண்டியதுதான்.

இனி அளவுக்கு வருகிறேன். சரக்கறைக் கூண்டுக்குப் பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டா ஒரு கணக்கு வைத்திருக்கிறது. விலங்கை நிற்கவைத்து நான்கு அளவுகளை எடுக்கவேண்டும்: மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரையிலான நீளம், தரையிலிருந்து முன்னங்கால் முட்டி வரையிலான உயரம், தோள்களின் அகலம், தரையிலிருந்து தலையுச்சி அல்லது காது நுனி வரையிலான உயரம். கூண்டின் உள்நீளம், உடல் நீளத்தோடு கால் உயரத்தில் பாதியைக் கூட்டிய அளவு. உள்ளகலம் தோள் அகலத்தின் இரு மடங்கு. உள்ளுயரம் நிற்கும் உயரத்தோடு விரிப்பின் கனத்தைக் கூட்டிய அளவு.

எங்கள் பூனைக்கு நீளம் 46 செ.மீ., கால் உயரம் 16, தோள் அகலம் 14, காது நுனி வரை 32. ஆகவே கூண்டின் உள்நீளம் 54, உள்ளகலம் 28, இரண்டு சென்டிமீட்டர் விரிப்போடு உள்ளுயரம் 34 இருக்கவேண்டும். கடையில் கிடைத்த சிறிய கூண்டு வெளிப்புறமாகவே 53 × 41 × 38 செ.மீ.தான், சாய்ந்த சுவர்களைக் கழித்தால் உள்நீளம் 50-ஐக்கூடத் தொடவில்லை. அகலத்திலும் உயரத்திலும் தாராளமாகப் பொருந்திய கூண்டு, நீளத்தில் சில சென்டிமீட்டர் குறைந்ததனால் விலக்கப்பட்டது. அடுத்த அளவு 71 × 52 × 55.

இந்த ஒரு படி ஏற்றம் தனிச் சரக்கு வழியில் எவ்வளவு செலவை இழுக்கிறது என்பதை முன்பே அறிந்திருப்பவர் குறைவு. விமானச் சரக்கில் உண்மையான எடை, கொள்ளளவு எடை ஆகிய இரண்டில் எது மிகுதியோ அதற்கே பணம் வாங்குவார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 6000-ஆல் வகுத்தால் கிடைப்பது கொள்ளளவு எடை. சிறிய கூண்டுக்கு அது ஏறக்குறைய 14 கிலோ. பெரிய கூண்டுக்கு ஏறக்குறைய 34 கிலோ. பூனையும் பெரிய கூண்டும் சேர்ந்து தராசில் 10 கிலோவைக்கூடத் தாண்டவில்லை என்றாலும், 34 கிலோவுக்கான தொகையையே கட்டவேண்டியிருக்கும். பதிவுசெய்த சுமையாக அனுப்பும்போது சில நிறுவனங்கள் விலங்கும் கூண்டும் சேர்ந்த எடைக்கும், வேறு சில கூண்டின் அளவுப் பிரிவுக்கும் கட்டணம் வாங்குகின்றன. பிந்தைய முறையிலும் கூண்டு ஒரு படி பெரிதானால் கட்டணமும் ஒரு படி ஏறும்.

கேபினில் கணக்கே வேறு. அங்கே பூனைக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. முன்னிருக்கையின் அடியில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதிலிருந்தே அளவு பிறக்கிறது. எங்கள் இரு விமானங்களும் வெவ்வேறு நிறுவனங்களுடையவை. ஒன்று 55 × 40 × 23 செ.மீ. வரை அனுமதித்தது, மற்றொன்று 46 × 28 × 24. இரண்டாவதே சிறியது, அதற்குப் பொருந்தினால் போதும் என்று முதலில் எண்ணினோம். ஆனால் உயரத்தில் முதல் நிறுவனம்தான் கடுமையானது. ஒவ்வோர் அளவிலும் இரண்டில் குறைந்ததை எடுத்துக்கொண்டால்தான் இரு விமானங்களிலும் ஏறமுடியும். அப்படிப் பார்த்தால் எங்கள் பைக்குக் கிடைத்த அளவு 46 × 28 × 23 மட்டுமே. மேற்கூரை மடங்கும் மென்மையான பையை வாங்கினோம். கடினமான பிளாஸ்டிக் கூடையாக இருந்திருந்தால் ஒரு சென்டிமீட்டர் மிஞ்சினாலும் இருக்கையின் அடியில் நுழையாது; மென்பையோ அழுத்தினால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் விட்டுக்கொடுக்கும், உள்ளேயிருந்து முதுகு முட்டினாலும் விட்டுக்கொடுக்கும்.

எடையில் சிக்கல் இல்லை. பல நிறுவனங்களில் விலங்கும் பையும் சேர்ந்து 8 கிலோ என்பதே எல்லை, எங்களுக்கு 6.6 வந்தது. பையின் பக்கப் பைகளில் திணிக்கும் உணவும் துண்டும் இந்த எடையில் சேரும் என்பதால், ஏழரை கிலோவை நெருங்குபவர்கள் அவற்றைத் தங்கள் தோள்பைக்கு மாற்றிக்கொள்வது நல்லது. ஆனால் சில நிறுவனங்களில் விலங்கின் பையே உங்கள் கைப்பையாகக் கணக்கிடப்படும். அப்போது தோள்பைக்கு இடமில்லாமற்போய், அதனைப் பதிவுச் சுமையாக்க இன்னொரு கட்டணம் செலுத்த நேரிடும். கேபின் கட்டணம் என்று விளம்பரத்தில் காணும் தொகையோடு இதனையும், அத்தொகை மொத்தப் பயணத்துக்கா ஒவ்வொரு விமானத்துக்கா என்பதையும் சேர்த்தே ஒப்பிடவேண்டும்.

கேபின் வழியின் குறையையும் மறைக்க விரும்பவில்லை. 32 சென்டிமீட்டர் உயரமுள்ள பூனை 23 சென்டிமீட்டர் பையில் தலை நிமிர்ந்து நிற்க முடியாது. நிற்கவும் திரும்பவும் இடம் இருக்கவேண்டும் என்று விதி சொன்னாலும், கவுண்டரில் பார்த்தவர் அது உள்ளே ஒரு சுற்றுத் திரும்புகிறதா, வலை உடலை அழுத்துகிறதா என்பதையே பார்த்தார். நான்கு மணி நேரமும் இரண்டரை மணி நேரமுமாக இருந்த எங்கள் விமானங்களில் பூனை பெரும்பாலும் சுருண்டு படுத்திருந்தது. பத்து மணி நேரத்துக்கு மேலான ஒரே பறத்தலானால் இதே அளவு உறுதியோடு நான் கேபினைப் பரிந்துரைக்க மாட்டேன். அத்தனை நீண்ட பயணத்தை நாங்கள் செய்ததில்லை. சரக்கறைக் கூண்டில் விலங்கு எழுந்து நின்று கால் நீட்டலாம் என்பது உண்மையான நன்மை.

சரக்கறை என்றதும் குளிரில் காற்றின்றிக் கிடக்கும் இடம் என்று பலர் அஞ்சுகிறார்கள். அது சரியன்று. பயணிகள் அறைக்குரிய காற்றழுத்தமே அங்கும் பேணப்படுகிறது. விலங்கு ஏற்றப்பட்டிருப்பது விமானிக்கும் எழுத்தில் தெரிவிக்கப்படுகிறது. ஆனால் வெப்பமூட்டலும் காற்றோட்டமும் எல்லா விமானத்திலும் எல்லாச் சரக்கறைப் பகுதியிலும் இருப்பதில்லை. சிறிய விமானங்கள் பலவற்றில், விமானத்தை வாங்கும் நிறுவனம் விரும்பினால் மட்டுமே அவை பொருத்தப்படுகின்றன. கடைசி நேரத்தில் விமானம் மாற்றப்பட்டால், உறுதிசெய்த விலங்கையும் ஏற்ற மறுப்பதற்கு இதுவே காரணமாகிறது. அதனினும் பெரிய இடர் தரையில் இருக்கிறது. ஏற்றுமுன்னும் இறக்கியபின்னும் கூண்டு தளத்தில் காத்திருக்கும் நேரமே ஆபத்தானது. நாய், பூனைகளை விமானத்துக்குக் கொண்டுபோகும்போதும் கொண்டுவரும்போதும் 29.5 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் 45 நிமிடத்துக்கு மேல் வைக்கக்கூடாது என்று அமெரிக்க விதி வரையறுத்திருப்பது இதற்காகத்தான். கோடையில் பல நிறுவனங்கள் விலங்கைச் சரக்கறையில் ஏற்கவே மறுப்பதும் இதனால்தான். விமானம் மாறும் பயணத்தில் இந்தக் காத்திருப்பு இரட்டிப்பாகிறது. பக், புல்டாக், பெர்சியப் பூனை போன்ற தட்டை மூக்கு இனங்கள் வெப்பத்தில் மூச்சுவாங்கித் தம்மைப் போதிய அளவு குளிர்வித்துக்கொள்ள இயலாதவை. அவற்றைப் பல நிறுவனங்கள் சரக்கறையில் ஏற்பதேயில்லை, நானும் அனுப்பச் சொல்லமாட்டேன். அமைதிப்படுத்தும் மருந்து கொடுத்து அனுப்புவதும் தவறு. இரத்த அழுத்தமும் உடல் வெப்பக் கட்டுப்பாடும் மருந்தால் தளரும் வேளையில், அருகில் பார்க்க ஒருவரும் இருக்கமாட்டார்.

இவ்வளவுக்கும் பிறகு வழித்தடம் ஒரே சொல்லில் முடிவைப் புரட்டிவிடலாம். பிரிட்டனுக்குள் வணிக விமானத்தில் வரும் நாயும் பூனையும், உதவி நாய்கள் நீங்கலாக, சரக்காகவே வரவேண்டும்; ஒன்றரைக் கிலோக் குட்டியானாலும் கேபினுக்கு இடமில்லை. ஆஸ்திரேலியாவுக்கும் சரக்கு வழிதான். பெரும்பாலான விலங்குகள் மெல்போர்னில் இறங்கி, மிக்கில்ஹாமில் உள்ள தனிமைப்படுத்தல் நிலையத்துக்குச் செல்லவேண்டும். இத்தகைய நாடுகளுக்குப் போவோர் கேபின் பையில் பணம் போடாமல், நல்ல கூண்டை இரண்டு மாதம் முன்பே வாங்கி, கதவைத் திறந்துவைத்து அதிலேயே விலங்கை உறங்கப் பழக்குவது மேல். எட்டுக் கிலோவைத் தாண்டும் நாய்க்கும் பெரும்பாலும் சரக்கறை மட்டுமே வழி. அங்கே நேரடி விமானத்துக்காகக் கூடுதல் பணம் தருவதை நான் வீண் என்று கருதமாட்டேன்.

கேபினைத் தேர்ந்தெடுப்பவர் பயணச்சீட்டுக்குப் பணம் கட்டுமுன் அந்த விமானத்தில் விலங்குக்கு இடம் இருக்கிறதா என்று கேட்கவேண்டும். ஒரு விமானத்துக்கு இத்தனை விலங்குகள்தான் என்று எண்ணிக்கை வரம்பு இருக்கிறது. பதிவில் `PETC` என்ற குறியீட்டோடு `HK` என்று இருந்தால் இடம் உறுதி; `HN` என்றிருந்தால் கோரிக்கை மட்டுமே சென்றிருக்கிறது. எங்கள் இரண்டாம் விமானத்தில் நான்கு நாட்கள் `HN` என்றே நின்றது; தொலைபேசியில் இருமுறை கேட்டபிறகே மாறியது. முதல் வரிசையிலும் அவசர வழி வரிசையிலும் விலங்கோடு அமர முடியாது. மற்ற இருக்கைகளிலும் சிலவற்றின் அடியில் திரைக்கான மின்பெட்டி பாதி இடத்தை எடுத்துக்கொள்ளும் என்பதால், இருக்கை எண்ணைச் சொல்லி அடியிடத்தைக் கேட்பது பயனுள்ளது.

பாதுகாப்புச் சோதனையில் பை மட்டுமே எக்ஸ்ரே வழியாகச் செல்லும். பூனையைக் கையில் தூக்கிக்கொண்டு நீங்கள் வாயில் வழியே நடக்கவேண்டும். இரைச்சல் மிகுந்த கூடத்தில் பூனை கைநழுவினால் பயணமே நின்றுவிடும். தனியறையில் சோதிக்கும்படி கேட்டோம். கதவைச் சாத்திய சிறிய அறையில் இரண்டு நிமிடத்தில் முடிந்தது. வீட்டிலிருந்தே மார்புப் பட்டையும் கயிறும் கட்டிவந்திருந்தோம். அவற்றில் உலோகக் கொக்கி இருந்தால் கழற்றச் சொல்லக்கூடும் என்பதால், துணியாலும் பிளாஸ்டிக்காலும் ஆன பட்டையைத் தேர்ந்தெடுங்கள்.