எழுத்து வளர்ந்தது 4 எம்பி, வட்டு விழுங்கியது 17 ஜிபி: இரண்டாண்டு பேக்கப் அனுபவம்

நீடாமங்கலத்தில் உரக்கடை வைத்திருக்கும் மாமா, தம் கைபேசியின் வாட்ஸ்அப் உரையாடல்களைச் சேமித்து வைக்க 1 டிபி ஹார்ட் டிஸ்க் வாங்கலாமா என்று சென்ற வாரம் கேட்டார். என்னுடைய 500 ஜிபி வட்டு மார்கழியில் நிறைந்துபோய், அதைப் பொங்கலுக்கு மறுநாள் வரை நான் அறியாமல் இருந்த கோபம் இன்னும் ஆறாத நேரத்தில் அவர் கேட்டதால், பதிலை விரிவாகவே எழுதுகிறேன்.

மன்னார்குடியில் எங்கள் விதைக்கடைக்கு வரும் படங்கள் அனைத்தும் வாட்ஸ்அப்பில்தான் வருகின்றன: குருத்துப்பூச்சி தாக்கிய தூர்கள், நீரில் மூழ்கிய சம்பா வயல்கள், கொள்முதல் நிலையத்து ரசீதுகள். கைபேசியின் வாட்ஸ்அப் கோப்புறை வைஃபை வழியாகக் கணினிக்கு வந்துவிடும். அங்கிருந்து ஒவ்வோர் இரவும் `rsync` என்ற நகலெடுக்கும் நிரல் அதை வட்டில் அன்றைய தேதியிட்ட கோப்புறையில் சேமிக்கும். நேற்றிலிருந்து மாறாத கோப்பை மீண்டும் எழுதாமல் பழைய கோப்புக்கே இணைப்புக் கொடுப்பதுதான் இந்த இன்க்ரிமென்டல் பேக்கப்பின் சிறப்பு. சென்ற ஆண்டு கைபேசி வாய்க்காலில் விழுந்தபோது, ஒரு ரசீதுகூடத் தவறாமல் அனைத்தும் மீண்டன. அந்த நன்றியை மறக்கவில்லை.

படங்களைப் பொறுத்தவரை இம்முறை மிக ஒழுங்காக இயங்குகிறது. ஒருமுறை வந்த படம் மாறுவதில்லை. ஆகவே ஒருமுறைதான் இடம் பிடிக்கும். சாதாரண மாதங்களில் 3 ஜிபி, வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மாதம் 7 ஜிபி என்று அவை சேர்ந்தன. இது உண்மையான வளர்ச்சி. இதில் எனக்குக் குறையில்லை.

குறை எழுத்துச் செய்திகளில்தான். அவை அனைத்தும் `msgstore.db.crypt15` என்ற ஒரே கோப்பில் உள்ளன. தொடங்கும்போது 190 எம்பி இருந்த அது 23 மாதங்களில் 280 எம்பி ஆயிற்று. அதாவது மாதம் 4 எம்பி வளர்ச்சி. ஆனால் அது சுருக்கப்பட்டு மறையாக்கம் செய்யப்பட்ட கோப்பு. ஒரே ஒரு செய்தி புதிதாக வந்தாலும், அன்றிரவு உருவாகும் கோப்பின் பைட்டுகள் முற்றிலும் வேறாகிவிடும். பாதுகாப்புக்கு அது அவசியமானதுதான். ஆயினும் மாறிய பகுதியை மட்டும் பிரித்தெடுக்க எந்த பேக்கப் மென்பொருளாலும் முடியாது என்பதால் முழுக் கோப்பும் தினமும் புதிதாகவே எழுதப்படுகிறது.

அதோடு முடியவில்லை. நேற்றைய கோப்பு `msgstore-2025-01-14.1.db.crypt15` என்பதுபோலத் தேதியுடன் பெயர் மாறுகிறது. `rsync` பெயரை வைத்தே ஒப்பிடுவதால், ஏற்கெனவே வட்டில் உள்ள அதே கோப்பைப் புதியதென்று எண்ணி இரண்டாம் முறையும் எழுதுகிறது. நாளொன்றுக்கு இருமுறை 280 எம்பி, மாதத்துக்கு ஏறத்தாழ 17 ஜிபி. வட்டு நிறைந்த நாளில் அதிலிருந்த 450 ஜிபியில் 320 ஜிபி இத்தகைய பிரதிகளே. அதன்பின் மூன்று வாரம் எதுவும் சேமிக்கப்படவில்லை. பிழைச்செய்தி யாரும் திறந்து பார்க்காத ஒரு பதிவுக்கோப்பில் கிடந்தது.

காரணத்தைக் கண்டது இந்தக் கட்டளையால். பல நாள்களை ஒன்றாகக் கொடுத்தால், இணைப்புக் கோப்பை `du` ஒருமுறையே எண்ணும். எனவே முதல் வரிக்குப் பின் ஒவ்வொரு வரியும் அந்த நாளில் புதிதாகச் சேர்ந்ததைக் காட்டும். படமே வராத நாளிலும் அரை ஜிபிக்கு மேல் காட்டினால் இதே நோய்தான்.

```
du -sh 2024-12-*
```

இப்போது தேதியிட்ட பிரதிகளை விலக்கிவிட்டேன்:

```
rsync -a --exclude='msgstore-20*' --link-dest=../2025-01-20 WhatsApp/ 2025-01-21/
```

இதில் பாதி குறைந்தது. மீதிப் பாதிக்கு, கடைசி 7 நாள், 4 வாரம், 12 மாதம் ஆகியவற்றின் கோப்புறைகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்குகிறேன். 23 பிரதிகள், செய்திக் கோப்புக்கு மொத்தம் ஆறரை ஜிபி போதும். கைபேசியில் அழித்த படம், அதைத் தாங்கிய கடைசி மாதக் கோப்புறை நீங்கும்போது வட்டிலிருந்தும் போய்விடும்; ஆகவே கொள்முதல் ரசீதுகளைத் தனிக் கோப்புறைக்கு மாற்றி வைக்கிறேன். வட்டு ext4 வடிவில் இருப்பதும் கட்டாயம். கடையில் பொதுவாக வரும் exFAT வடிவில் இணைப்புக் கோப்புகள் இயங்காது, தினமும் படங்கள் உட்பட அனைத்தும் முழுதாக எழுதப்படும்.

படங்கள் ஆண்டுக்கு 48 ஜிபி. ஏற்கெனவே உள்ள 130 ஜிபியையும் சேர்த்தால் ஐந்தாண்டுக்குப் பின்னும் 400 ஜிபியைத் தாண்டாது. ஆகவே மாமா 1 டிபி வாங்க வேண்டாம், 500 ஜிபி போதும். ஆனால் இந்த ஏற்பாட்டை அவர் கடையில் அமைத்துத் தர எனக்கு மனமில்லை. நிறைந்ததைச் சொல்லாமல் மூன்று வாரம் ஏமாற்றிய ஒன்றை, கணினியைத் திறந்து பார்க்காத மனிதரிடம் ஒப்படைக்க மாட்டேன். மாதத்தின் முதல் ஞாயிறு நானே நேரில் போய், கோப்புறையை முழுதாக ஒருமுறை நகலெடுத்துத் தருவதாகச் சொல்லிவிட்டேன்.