காசைத் தின்னும் தேயிலை: செலவைப் பார்ப்பதா, கிளிக்கை எண்ணுவதா?

ஹட்டனில் இருந்து பிரித்தானியாவுக்குத் தேயிலை அனுப்பும் சின்னக் கடை எங்களுடையது. கூகுள் ஷொப்பிங் ஃபீடில் 60 பொருட்கள் இருக்கின்றன. விளம்பரக் காசைத் தின்றுவிட்டு விற்காமல் கிடப்பதைக் கண்டுபிடிக்க இரண்டு வழிகளைப் பார்த்தேன்.

முதல் வழி செலவெல்லை. 30 நாளில் 15 பவுண் தின்று ஒரு விற்பனையும் தராவிட்டால் தூக்கிவிடுவது. விளம்பர அறிக்கையில் ஒரு ஃபில்டர் போட்டால் போதும், வேலை முடிந்தது. நானும் அப்படித்தான் சில்வர் டிப்ஸ் டின்னைத் தூக்கினேன். 40 கிளிக், 16 பவுண், விற்பனை பூச்சியம்.

"நூறு பேர் வந்தால் இரண்டு பேர்தானே வாங்குகிறார்கள், 40 பேரை வைத்து என்னத்தைச் சொல்வது?" என்று தங்கச்சி கேட்டாள். ஒருவர் வாங்காமல் போகும் வாய்ப்பு 0.98, அதை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்:

```
0.98^40  = 0.45
0.98^150 = 0.05
```

நன்றாக விற்கக்கூடிய பொருள்கூட 40 கிளிக்கில் ஒன்றும் விற்காமல் போக 45% வாய்ப்பு இருக்கிறது. 150 கிளிக்கில் அது 5% ஆகிவிடும். கிளிக் விலை கூடின பொருள் செலவெல்லையை முதலில் தொடும், அதனால் நியாயமான வாய்ப்புக் கிடைக்கும் முன்பே வெளியே போய்விடும். அதனால் இரண்டாவது வழி கிளிக் எல்லை, அத்தனை கிளிக்கிலும் ஒன்றும் விற்காவிட்டால்தான் தூக்குவது. 3-ஐ விற்பனை வீதத்தால் வகுத்தால் அந்த எல்லை வந்துவிடும்: 3 ÷ 0.02 = 150.

டின்னைத் திரும்பப் போட்டேன். 95 கிளிக் ஆகும்போது 4 ஓடர். அதில் ஒன்றில் வாங்கியது டின் அல்ல, பெக்கோ பக்கெட். கிளிக் பட்ட பொருளின் கணக்கில்தான் கூகுள் விற்பனையை எழுதும். ஆகவே கடையின் விற்பனைப் புத்தகத்தைப் பார்த்துப் பொருளைத் தூக்க வேண்டாம்.

உண்மையான தின்னி வேறு. 400 கிராம் டஸ்ட் பக்கெட், கிளிக்குக்கு 20 பென்ஸ்தான். 15 பவுணைத் தாண்டியதைக் கவனித்தும், மலிவுதானே என்று விட்டு வைத்திருந்தேன். 170 கிளிக்கில் 34 பவுண் போயும் ஒன்றும் விற்கவில்லை. பக்கெட் 4 பவுண், தபால் செலவு 9 பவுண், யார் வாங்குவார்? துணை ஃபீடில் இரண்டு வரி போட்டேன்:

```
id	custom_label_0
DUST400	stop
```

பிறகு அந்த லேபலை விளம்பரத்தின் பொருள் குழுவில் விலக்கினேன்.

இன்னொன்று, கடைசி 7 நாளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. கிளிக் செய்துவிட்டு ஐந்தாம் நாள் வந்து வாங்குகிறவர்கள் உண்டு.

மாதம் நாலு கிளிக் மட்டும் வாங்கும் பொருட்கள் 150-ஐ எட்டவே எட்டாது. அவற்றை வகைவாரியாகக் கூட்டிப் பார்க்கிறேன். விலை கூடின வகையின் விற்பனை வீதம் குறைவென்றால் எல்லையும் உயரும், அங்கே செலவெல்லையும் ஒரு கண்ணில் இருக்கட்டும். இதெல்லாம் சாதாரண ஷொப்பிங் பிரசாரத்தில் பார்த்தது. பெர்ஃபோர்மன்ஸ் மேக்ஸில் நான் இன்னும் செய்து பார்க்கவில்லை.