ஹைட்ரோமீட்டர் திருத்தம்: கணக்கா, வெறும் உருளையா?

மட்டக்களப்பில் எங்கள் ஆய்வுகூடத் தண்ணீர் 30 பாகை. மண்ணின் களியளவைக் காணும் ஹைட்ரோமீட்டரோ 20 பாகைக்கு அளவு குறிக்கப்பட்டது. சூட்டில் நீரின் அடர்த்தி குறைவதால் கருவி ஆழ்ந்து, குறைத்துக் காட்டும். மண்துகள்களைப் பிரிக்க நீரில் கரைக்கும் கல்கனோ அளவைக் கூட்டிக் காட்டும்.

ஒரு லீற்றர் கரைசலில் 40 கிராம் அம்பாறை வயல்மண், 2 மணி நேரத்தில் லீற்றருக்கு 14 கிராம் காட்டியது. கணக்கு வழியில் பாகைக்கு 0.36 வீதம் 3.6 கூட்டி, 20 பாகையில் கல்கனுக்குக் கண்ட 5.5ஐக் கழித்தோம்: 12.1. களி 30 சதவீதம். வெப்பத்தை மறந்திருந்தால் 21 தான்!

மற்ற வழியில், மண்ணில்லாத அதே கல்கன் கரைசல் பக்கத்து உருளையில். அது 2 காட்டியது, கழித்தால் 12. சரி, இரண்டும் ஒன்றே. ஆனாலும் நான் இதையே நம்புவேன், கல்கன் நிறுவையில் வந்த பிழையும் சேர்ந்தே கழிந்துவிடும். ஜன்னல் வெயில் ஓர் உருளையில் மட்டும் பட்டால் இதுவும் பிழைக்கும்; இரண்டிலும் வெப்பமானியை விட்டுப் பாருங்கள்.