துல்லியமா, முயற்சி விகிதமா, நிகர மதிப்பெண்ணா? ஒரு நீட் மாதிரித் தேர்வை மூன்று கணக்கில் பார்த்தால்

மொரிஷியஸில் எச்.எஸ்.சி. முடித்து இந்தியாவில் எம்.பி.பி.எஸ். சேர நினைக்கும் பிள்ளைகள் நீட் எழுதியே ஆக வேண்டும். வெளிநாட்டுக் குடிமக்களுக்கும் அதில் விலக்கு இல்லை. ஆனால் அவர்களுடைய கை பழகியிருப்பது வேறு மாதிரித் தாளில். எச்.எஸ்.சி.க்கு எழுதும் கேம்பிரிட்ஜ் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றிலும் முதல் தாள் 75 நிமிடத்தில் 40 கொள்குறி வினாக்கள். தப்பான விடைக்குக் கழிவு இல்லை. அங்கே ஒரு வினாவைக்கூட வெறுமனே விடக் கூடாது, அவ்வளவுதான் உத்தி. நீட்டில் 180 நிமிடத்துக்கு 180 வினாக்கள். சரியான விடைக்கு 4, தப்புக்கு ஒன்று கழியும், விட்டதற்குச் சுழியம். ஒரு வினாவுக்குக் கிட்டத்தட்ட இரண்டு நிமிடம் இருந்தவருக்கு இப்போது ஒரே நிமிடம்.

ஆகவே மாதிரித் தேர்வு முடிந்ததும் ரோஸ் ஹில் டியூஷன் வகுப்பிலும் வீட்டிலும் எழும் முதல் கேள்வி, "இன்னும் நிறைய வினாக்களைத் தொடணுமா, தொட்டதைச் சரியாகப் போடணுமா?" என்பதுதான். இதற்கு விடை சொல்வதாக மூன்று எண்கள் போட்டி போடுகின்றன. மூன்றையும் ஒரே விடைத்தாளில் வைத்துப் பார்த்தால் எது எதற்கு உதவும் என்று தெரிந்துவிடும்.

முதலில் கணக்கு. விரிதாளில் B சரி, C தப்பு, D மொத்த வினாக்கள் என்று வைத்துக்கொண்டால்:

```
நிகர மதிப்பெண்   =4*B2-C2
துல்லியம்         =B2/(B2+C2)
முயற்சி விகிதம்   =(B2+C2)/D2
```

இதில் அடிக்கடி நடக்கும் பிழை, துல்லியத்துக்கு மொத்த வினாக்களால் வகுப்பது. விடையளித்த வினாக்களால் மட்டுமே வகுக்க வேண்டும். இன்னொன்று, 2021 முதல் 2024 வரையிலான பழைய தாள்களில் 200 வினாக்கள் இருக்கும். அவற்றில் 180-க்குத்தான் விடை எழுத வேண்டும், நேரம் 2021-இல் 180 நிமிடம், 2022 முதல் 200 நிமிடம். அந்தத் தாளை வைத்துப் பழகுகிறவர் முயற்சி விகிதத்தை 180-ஆல் வகுக்க வேண்டும். 200-ஆல் வகுத்தால் எல்லா வினாக்களையும் முடித்தவருக்கே 90 சதவீதம்தான் காட்டும்.

ஓர் எடுத்துக்காட்டுத் தாள்:

| பாடம் | வினா | சரி | தப்பு | விட்டது | துல்லியம் | முயற்சி | நிகரம் |
|---|---|---|---|---|---|---|---|
| இயற்பியல் | 45 | 20 | 6 | 19 | 76.9% | 57.8% | 74 |
| வேதியியல் | 45 | 25 | 15 | 5 | 62.5% | 88.9% | 85 |
| உயிரியல் | 90 | 70 | 18 | 2 | 79.5% | 97.8% | 262 |
| மொத்தம் | 180 | 115 | 39 | 26 | 74.7% | 85.6% | 421 |

கடைசி வரியை மட்டும் பார்த்தால் ஒன்றும் புரியாது. 74.7 சதவீதத் துல்லியம், 85.6 சதவீத முயற்சி, இரண்டும் பரவாயில்லை என்று தோன்றும். இந்த மூன்று எண்களையும் மொத்தமாகப் போட்டுப் பார்ப்பதில் பயன் மிகக் குறைவு. பாடவாரியாகப் பிரித்தால்தான் பேசும்.

நிகர மதிப்பெண்ணை எடுத்துக்கொள்வோம். இயற்பியலில் 180-க்கு 74, அதாவது 106 போயிற்று. வேதியியலில் 95 போயிற்று. உயிரியலில் 360-க்கு 262, போனது 98. மூன்று பாடத்திலும் இழப்பு ஏறக்குறைய ஒன்றே. நிகர மதிப்பெண்ணை மட்டும் நம்புகிறவர் மூன்றுக்கும் சமமாக நேரம் ஒதுக்குவார். அங்கேதான் தவறுகிறார். நிகரம் எவ்வளவு போயிற்று என்று சொல்லும், எந்த வழியில் போயிற்று என்று சொல்லாது.

வழியைக் கண்டுபிடிக்க ஓர் எளிய கணக்கு உண்டு. விட்ட வினா ஒவ்வொன்றும் 4 மதிப்பெண் இழப்பு. தப்பான வினா ஒவ்வொன்றும் 5 இழப்பு: கிடைக்க வேண்டிய 4 போனது, கையிலிருந்த ஒன்றும் கழிந்தது. இயற்பியலில் விட்டதால் 76, தப்பால் 30. வேதியியலில் விட்டதால் வெறும் 20, தப்பால் 75. உயிரியலில் 8-உம் 90-உம். கூட்டிப் பார்த்தால் அதே 106, 95, 98 வரும். வராவிட்டால் எங்கோ எண்ணியது தப்பு. இப்போது படம் தெளிவு. இயற்பியலின் நோய் வினாக்களைத் தொடாமல் விட்டது, மற்ற இரண்டின் நோய் தப்பாகப் போட்டது.

அப்படியானால் வேதியியலில் துல்லியத்தை ஏற்றுவதுதான் வழியா? பெரும்பாலானோர் இங்கே "தெரியாததைத் தொடாதே" என்று சொல்லிவிடுவார்கள். அந்த அறிவுரை எண்ணில் நிற்கிறதா என்று பார்க்க, தேர்வு எழுதும்போதே வினா எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு குறி போட வேண்டும்: நிச்சயமாகத் தெரிந்தது, இரண்டில் ஒன்று என்று இழுபறியானது, குருட்டாம்போக்கில் போட்டது. தேர்வு முடிந்த பிறகு போடும் குறி செல்லாது. விடை தெரிந்ததும் எல்லாமே தெரிந்த மாதிரிதான் தோன்றும்.

இந்தத் தாளில் வேதியியலின் 40 விடைகளும் இப்படிப் பிரிந்தன என்று கொள்வோம். நிச்சயம் என்று குறித்த 22-இல் 18 சரி, 4 தப்பு, நிகரம் 68. இழுபறி 10-இல் பாதிக்குப் பாதி, நிகரம் 15. குருட்டாம்போக்கு 8-இல் 2 சரி, 6 தப்பு, நிகரம் 2. மொத்தம் 85.

குருட்டாம்போக்கில் போட்ட எட்டையும் விட்டிருந்தால் துல்லியம் 62.5-இலிருந்து 71.9 சதவீதமாக ஏறியிருக்கும். நிகரமோ 85-இலிருந்து 83-க்கு இறங்கியிருக்கும். துல்லியத்தைத் தனி இலக்காக வைப்பதன் ஆபத்து இதுதான்: எண் அழகாகும், மதிப்பெண் குறையும். சரிக்கு 4, தப்புக்குக் கழிவு ஒன்று என்னும் தேர்வில் நட்டமும் லாபமும் இல்லாத இடம் 20 சதவீதத் துல்லியம். நான்கு விருப்பங்களில் கண்ணை மூடி ஒன்றைத் தொட்டாலே சராசரியாக 25 சதவீதம் வரும், அதாவது வினாவுக்குக் கால் மதிப்பெண் லாபம். ஒரு விருப்பத்தை நிச்சயமாக நீக்க முடிந்தால் லாபம் மூன்றில் இரண்டு மதிப்பெண், இரண்டை நீக்கினால் ஒன்றரை. ஆகவே இழுபறி வினாவை விடுவது கையிலிருப்பதை எறிவதற்குச் சமம். ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. வினாத்தாள் தயாரிப்பவர்கள் அரைகுறை நினைவுக்கு ஏற்ற மாதிரியே தப்பு விருப்பங்களை வைப்பார்கள். "இதுவாகத்தான் இருக்கும்" என்று தோன்றுவதைத் தொடுகிறவருக்கு 20 சதவீதத்துக்கும் கீழே போகக்கூடும். அது யாருக்கு நடக்கிறது என்பதை அவரவர் குறிகளை எண்ணித்தான் அறிய முடியும். எட்டு வினாக்கள் அதற்குப் போதாது. மூன்று, நான்கு தாள்களின் குறிகளைக் கூட்டிப் பார்க்க வேண்டும். 40 விடைகளில் மூன்று இப்படி அப்படிப் போனாலே துல்லியம் ஏழரைப் புள்ளி மாறும் என்பதால், ஒரே தாளை வைத்து முடிவெடுப்பது எந்தக் கணக்கிலும் அவசரம்தான்.

உண்மையில் அந்த எட்டு வினாக்களில் போனது மதிப்பெண் இல்லை, நேரம். படித்து, சமன்பாடு எழுதிப் பார்த்து, வழி பிறக்காமல் கடைசியில் குருட்டாம்போக்கில் போட்டால் வினாவுக்கு இரண்டு நிமிடம். எட்டுக்கும் சேர்த்து 16 நிமிடத்தில் வந்தது 2 மதிப்பெண். இதே தாளில் இயற்பியல் கடைசியாக எழுதப்பட்டது. விட்ட 19-ஐ இரண்டாகப் பிரித்தால், 8 படித்துப் பார்த்து விட்டவை, 11 படிக்கவே நேரம் கிடைக்காதவை.

இந்த 11-இன் மதிப்பு என்ன? துல்லியம் 76.9 சதவீதம் என்பதால் பலரும் 11-ஐ அதனால் பெருக்கி, எட்டரை சரி, இரண்டரை தப்பு, கிட்டத்தட்ட 31 மதிப்பெண் என்று போடுவார்கள். அது மிகை. அந்தத் துல்லியம், படித்ததில் பிடித்ததை மட்டும் தேர்ந்தெடுத்ததால் வந்தது. இனி படிக்கப்போகும் 11-இலும் சிலதை விடத்தான் நேரும். சரியான அளவு, படித்த வினா ஒன்றுக்கு எத்தனை நிகரம் என்பது. 34 வினாக்களைப் படித்து 74 வந்தது, அதாவது வினாவுக்கு ஏறத்தாழ 2.2. எனவே 11 வினாக்களுக்குச் சுமார் 24.

16 நிமிடத்துக்கு ஒரு பக்கம் 2 மதிப்பெண், மறுபக்கம் 24. வேதியியலில் குருட்டாம்போக்காகத்தான் முடியும் என்று தெரிகிற வினாவில் பத்து விநாடிக்குள் ஒன்றைக் குறித்துவிட்டு நகர்வதே இந்தத் தாளுக்கான முதல் திருத்தம். இதற்குப் புதிதாக எதுவும் படிக்கத் தேவையில்லை.

படிக்க வேண்டியது எது என்பதற்கு நிச்சயம் என்று குறித்துத் தப்பான வினாக்களைப் பார்க்க வேண்டும். வேதியியலில் அவை நான்கு. 20 மதிப்பெண் இழப்பு. தவறாகப் புரிந்துகொண்ட பாடம் அங்கே இருக்கிறது, அடுத்த தாளிலும் அதே தப்பு வரும். உயிரியலின் 18 தப்புகளையும் இப்படியே பிரிக்க வேண்டும், ஆனால் எச்.எஸ்.சி. மாணவர்கள் அங்கே இன்னொரு சல்லடையும் போட வேண்டும்: அந்த அத்தியாயம் கேம்பிரிட்ஜ் பாடத்திட்டத்தில் இருந்ததா? நீட் உயிரியல் என்சிஇஆர்டியின் 11, 12-ஆம் வகுப்புப் பாடங்களை ஒட்டியது. விலங்குலகத் தொகுதிகள், பூக்கும் தாவரங்களின் புற அமைப்பு போன்றவை அங்கே விரிவாக இருக்கும். கேம்பிரிட்ஜில் வகைப்பாடு மேலோட்டமாகவே வரும். தப்புகள் அந்த அத்தியாயங்களில் குவிந்திருந்தால் கவனக்குறைவைத் திட்டிப் பயனில்லை, புத்தகத்தை எடுத்து முதல்முறையாகப் படிக்க வேண்டியதுதான்.

அடுத்த மாதிரித் தேர்வில் பார்க்க வேண்டியது இயற்பியல் வரியை. 45-ஐயும் படித்து அதே வேகத்தில் தொட்டால் முயற்சி விகிதம் சுமார் 76 சதவீதமும், நிகரம் 98-க்குப் பக்கத்திலும் வர வேண்டும். முயற்சி விகிதம் ஏறியும் நிகரம் 80-ஐச் சுற்றியே நின்றால், கிடைத்த சுமார் 15 நிமிடம் அந்த வினாக்களுக்குப் போதவில்லை என்று பொருள். அப்போது இயற்பியலை வேதியியலுக்கு முன்னால் எழுதிப் பார்க்கலாம்.