தேர்தல் பணிக்கு சி.எல்.லா, ஆன் டியூட்டி எனும் ஓ.டி.யா, ஜூரி லீவா? எந்தப் பெட்டியில் டிக் போடுவது, எந்தத் தாளை இணைப்பது

கோயம்புத்தூர் சரவணம்பட்டி பக்கம் வெளிநாட்டு மென்பொருளில் லீவு போடும் கம்பெனிகளில் அந்தப் பட்டியலைத் திறந்தால், சி.எல்., சிக் லீவ் எல்லாம் தாண்டிக் கீழே `Jury Duty` என்று ஒரு வரி கிடக்கும். தேர்தல் பணி என்று தனி வரி இருக்காது. கலெக்டர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தவர், ‘அரசாங்கம் கூப்பிட்டதுதானே, இதுவும் அதுவும் ஒன்றுதான்’ என்று அதையே தட்டிவிடுவார். நாலு நாள் கழித்து அது நிராகரிக்கப்பட்டு வரும், அல்லது சம்பளத்தில் பிடித்தம் காட்டும். தவறு கடிதத்தில் இல்லை, தேர்ந்தெடுத்த வரியில்தான்.

முதலில் ஜூரியைத் தள்ளிவைத்துவிடலாம். நம் ஊர் குற்ற வழக்குகளில் ஜூரி கிடையாது. 1959 நானாவதி வழக்குக்குப் பிறகு அந்த முறை தேய்ந்து, 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு போய்விட்டது. பார்சி திருமண வழக்குகளில் மட்டும் ஐந்து பிரதிநிதிகள் நீதிபதியோடு உட்காரும் ஏற்பாடு இன்னும் சட்டத்தில் இருக்கிறது. கோயம்புத்தூரில் ஒருவருக்கு அது வாய்ப்பது அபூர்வம். ஆகவே அந்த வரி அமெரிக்கா, இங்கிலாந்து ஊழியர்களுக்காக வைத்தது. இங்கிருந்து அமெரிக்கா போய் ஹெச்-1பி விசாவில் இருப்பவருக்கும் ஜூரி சம்மன் வருவது உண்டு. பல மாநிலங்களில் டிரைவிங் லைசென்ஸ் பட்டியலிலிருந்தும் பெயர் எடுப்பதால் அப்படி ஆகிறது. குடிமகன் அல்லாதவர் ஜூரியாக உட்கார முடியாது. அதனால் லீவு போடுவதற்கு முன்னால், கூடவே வரும் கேள்வித்தாளில் ‘குடிமகன் அல்ல’ என்று குறித்துத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். சம்மனைக் கண்டுகொள்ளாமல் விடுவதுதான் சிக்கல்.

இங்கே ஜூரிக்குப் பக்கத்தில் வருவது கோர்ட் சாட்சி சம்மன். அதில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: வழக்கில் உங்கள் சொந்த விவகாரம் இருக்கிறதா? அலுவலக ஆவணத்தைப் பற்றிச் சாட்சி சொல்லக் கூப்பிட்டால் அது பணியாகவே எண்ணப்படும். சித்தப்பா வீட்டு வரப்புத் தகராறு என்றால் சொந்த லீவுதான். இரண்டுக்கும் இணைப்பு ஒரே மாதிரி. போகும் முன் சம்மன் நகல். வந்த பிறகு, அன்று ஆஜரானதாகக் கோர்ட்டில் வாங்கிய சான்று. வழக்கு ஒத்திவைக்கப்பட்டு விசாரணையே நடக்காத நாளிலும் அந்தச் சான்றை வாங்கிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும்.

தேர்தல் என்று வந்தால் மூன்று வேறு விஷயங்கள்

ஓட்டுப் போடப் போவது, ஓட்டுச்சாவடியில் வேலை பார்ப்பது, கட்சிக்காக பூத்தில் உட்காருவது. மூன்றையும் ‘எலக்‌ஷன் லீவு’ என்றே சொல்வதால்தான் குழப்பம்.

ஓட்டுப் போடுவதற்கு விண்ணப்பமோ இணைப்போ வேண்டியதில்லை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 135பி-யின்படி வாக்குப்பதிவு நாளில் வாக்குரிமை உள்ள தொழிலாளிக்குச் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும். திருப்பூர் பனியன் கம்பெனியில் நாள்கூலிக்கு இருப்பவருக்கும் அன்றைய கூலி உண்டு. ஆள் இல்லாவிட்டால் ஆபத்தோ பெரும் நஷ்டமோ வரும் என்கிற வேலைகளுக்கு மட்டும் விலக்கு. மீறும் முதலாளிக்கு அபராதம் 500 ரூபாய் வரைதான்; அதைக் கேட்டால் யாரும் நடுங்கப்போவதில்லை, ஆனால் சட்டம் சட்டம்தான்.

கட்சி ஏஜென்டாக உட்காருவது தேர்தல் பணியே அல்ல. தனியார் கம்பெனிக்காரர் முந்தின நாள் வேலைகளுக்குத் தன் சொந்த லீவைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். வேட்பாளர் கையெழுத்துப் போட்ட ஏஜென்ட் நியமனப் படிவத்தை இணைத்து ஓ.டி. கேட்டால் கிடைக்காது. அரசு ஊழியர் அந்தப் பக்கமே போகக்கூடாது; ஏஜென்டாகச் செயல்பட்டால் பிரிவு 134ஏ-யின்படி மூன்று மாதம் வரை சிறைகூட உண்டு.

மிச்சம் இருப்பது உண்மையான தேர்தல் பணி. பிரிவு 159-இன்படி உள்ளாட்சி அமைப்புகள், பல்கலைக்கழகங்கள், அரசு நிறுவனங்கள், சட்டத்தால் உருவான நிறுவனங்கள், பெரும்பகுதி அரசுப் பணத்தில் நடப்பவை ஆகியவற்றின் ஊழியர்களைக் கேட்டு வாங்கலாம். அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி ஆசிரியர்களும் தேசிய வங்கிக்காரர்களும் இதில் வருவார்கள். பிரிவு 28ஏ, வாக்குச்சாவடி அலுவலர்களைத் தேர்தல் அறிவிக்கையிலிருந்து முடிவு அறிவிக்கும் வரை தேர்தல் ஆணையத்துக்கு அயற்பணியில் போனவர்களாகவே கருதுகிறது. ஆகவே இது லீவே அல்ல. இதற்காக உங்கள் 12 நாள் சி.எல்.லில் ஒன்றைக் கழித்தால் அது நீங்களே விட்டுக்கொடுத்தது. பணிக்குப் போகாமல் இருந்தால் பிரிவு 134 பாயும். அபராதம் இங்கும் 500 ரூபாய் வரைதான் என்றாலும், வாரன்ட் இல்லாமல் போலீஸ் நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றம் அது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

2024 மக்களவைத் தேர்தல். தமிழகத்தில் வாக்குப்பதிவு ஏப்ரல் 19, வெள்ளி. கோபிசெட்டிபாளையத்தில் ஒரு தேசிய வங்கிக் கிளையில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு, முதல்நிலை வாக்குச்சாவடி அலுவலராக ஆணை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். குடியிருக்கும் தொகுதியிலும் வேலை பார்க்கும் தொகுதியிலும் போடமாட்டார்கள் என்பதால் பக்கத்து அந்தியூர் தொகுதி.

பயிற்சி ஞாயிற்றுக்கிழமை என்றால் அதற்கு லீவு தேவையில்லை. ஆனால் ஆணையின் முதல் தாளில் பூத் பெயர் இருக்காது. கம்ப்யூட்டர் குலுக்கல் மூன்று கட்டமாக நடக்கிறது: முதலில் ஆள், அடுத்து தொகுதி, கடைசியில்தான் வாக்குச்சாவடி. மேனேஜர் அந்தத் தாளைப் பார்த்து, “ஏனுங்க மேடம், எந்த ஊருன்னே போடலீங்களே, இதை வெச்சு எப்படி ஓ.டி. போடறது?” என்பார். அதற்காகக் காத்திருக்கக்கூடாது. முதல் ஆணையோடு விண்ணப்பத்தைப் போட்டு, ‘வாக்குச்சாவடி ஒதுக்கீட்டு ஆணை கிடைத்ததும் இணைக்கப்படும்’ என்று குறிப்பில் ஒரு வரி எழுதிவிட்டால் போதும்.

இனி நாட்கள். 18 வியாழன்: காலையில் பயிற்சி மையம், பூத் ஒதுக்கீடு, சாயங்காலத்துக்குள் பூத்துக்குப் போய்ச் சேர வேண்டும். இது வேலை நாள், ஆகவே ஓ.டி. 19 வெள்ளி: பொது விடுமுறை, வங்கியே பூட்டு. இதற்கு ஓ.டி. போட்டால் மென்பொருள் ‘விடுமுறை நாள்’ என்று தள்ளிவிடும், சில நேரம் விண்ணப்பம் முழுவதையுமே தள்ளிவிடும். அதனால் 18 தனி, 20 தனி என்று இரண்டு விண்ணப்பமாகப் போடுவதே நல்லது. விடுமுறை நாளில் வேலை பார்த்ததற்கு ஈடுசெய் விடுப்பு உண்டா என்பது அவரவர் நிறுவன விதி; கேட்கிறவர் தனியாகக் கேட்க வேண்டும், ஓ.டி.யோடு சேர்க்கக்கூடாது.

சண்டை வருவது 20ஆம் தேதியில்தான். அது மூன்றாவது சனிக்கிழமை. இரண்டாவது, நான்காவது சனிதான் வங்கிக்கு விடுமுறை, ஆகவே கிளை திறந்திருக்கும். பூத்தோ பர்கூர் மலையில். ஆறு மணிக்கு வரிசையில் நின்றவர்கள் டோக்கனோடு ஓட்டுப் போட்டு முடிக்க வேண்டும். பிறகு கன்ட்ரோல் யூனிட்டில் க்ளோஸ் பட்டன், 17சி படிவம், சீல், டைரி. அதற்கப்புறம் மண்டல அலுவலரின் வண்டி ஒவ்வொரு பூத்தாக வரும். பெட்டியை ஒப்படைத்து இறங்கும்போது நடுநிசி தாண்டியிருக்கும். ஆனாலும் ஆணையில் அடுத்த நாளைப் பற்றி ஏதும் இல்லாவிட்டால் 20க்கு ஓ.டி. தானாகக் கிடைக்காது. ஓ.டி. கேட்பதற்கு ஒரே பிடிமானம் விடுவிப்புச் சான்று. மண்டல அலுவலர் வண்டியில் ஏறுவதற்குள் வாங்கிவிட வேண்டும், ஏறிவிட்டால் அவரைப் பிடிப்பது கஷ்டம். அதில் மூன்று விஷயம் இருக்கிறதா என்று அங்கேயே டார்ச் அடித்துப் பார்க்கவும்: பெயர், ஆணை எண், விடுவித்த தேதியும் நேரமும். ‘20.04.2024, அதிகாலை 2.30’ என்று எழுதியிருக்கும் சான்றுக்கு எந்த மேனேஜரும் வாதாட மாட்டார். ‘தேர்தல் பணி முடித்தார்’ என்று மட்டும் எழுதிய துண்டுக்கு 19ஆம் தேதிதான் மதிப்பு. அப்போது 20க்கு சி.எல். போடுவதே நேர்மை.

இணைக்கும் விதம்

மூலத் தாளை அலுவலகத்தில் கொடுத்துவிடக் கூடாது. தபால் ஓட்டுக்கான படிவம் 12, பணிச் சான்றுக்கான படிவம் 12ஏ ஆகியவற்றோடும் இந்த ஆணையின் நகல்தான் போகும். பயிற்சி மையத்திலும் காட்டச் சொல்வார்கள். ஆணை வந்த அன்றே நான்கு நகல் எடுத்து வைப்பது எளிது.

ஸ்கேன் எடுக்கும்போது இரண்டு பக்கமும் வேண்டும். பயிற்சித் தேதிகளும் இடமும் பின்பக்கத்தில் அச்சாகியிருந்தால், அதை விட்டுவிட்டு அனுப்பிய தாள் தேதியே இல்லாத தாளாகிவிடும். செல்போனில் எடுத்தால் ஓரத்தில் இருக்கும் மாவட்டத் தேர்தல் அலுவலரின் கையெழுத்தும் முத்திரையும் வெட்டுப்படுவதுதான் அதிகம் நடக்கும் கோளாறு. வாட்ஸ்அப்பில் ஒருவருக்கு அனுப்பி, அதை இறக்கி இணைத்தால் ஆணை எண் மங்கிப்போகும். ஸ்கேனரிலிருந்து நேராக பி.டி.எஃப். எடுக்கவும். ஆணையில் அச்சாகியிருக்கும் செல்போன் எண்ணையும் வாக்காளர் அட்டை எண்ணையும் நகலில் மறைக்கலாம். பெயர், பதவி, ஆணை எண், தேதி, கையெழுத்து ஆகியவற்றைத் தொடக்கூடாது. ஜூரி சம்மன் என்றால், கோர்ட் தளத்தில் உள்ளே நுழையப் பயன்படும் ஜூரர் எண்ணையும் பார்கோடையும் மறைத்துவிட்டு அனுப்பவும்.

கோப்புப் பெயரில் தேதியைப் போட்டுவிட்டால் ஆடிட் வரும்போது தேட வேண்டியதில்லை:

```
OD_2024-04-18_order.pdf
OD_2024-04-20_relieving.pdf
```

காரணம் எழுதும் கட்டத்தில் ‘எலக்‌ஷன்’ என்று ஒற்றைச் சொல் போடாமல், ‘மக்களவைத் தேர்தல் 2024, வாக்குச்சாவடி அலுவலர் 1, ஆணை எண் … நாள் …’ என்று எழுதவும். பட்டியலில் ஓ.டி.யே இல்லாத மென்பொருளில் `Jury Duty`-யைத் தட்டாமல், ஹெச்.ஆருக்கு ஆணையோடு மின்னஞ்சல் அனுப்பி வருகைப் பதிவைக் கையால் திருத்தச் சொல்லலாம். உடல்நிலையாலோ கல்யாணத்தாலோ பணிக்கே போக முடியாதவர் விலக்கு கேட்க வேண்டியது மேனேஜரிடம் அல்ல, மாவட்டத் தேர்தல் அலுவலரான கலெக்டரிடம். மருத்துவச் சான்றையோ பத்திரிகையையோ வைத்து, பயிற்சிக்கு முன்னால். விலக்கு எழுத்தில் வராத வரை பயிற்சிக்குப் போய்க்கொண்டுதான் இருக்க வேண்டும்.