அபிஷேக வீடியோவுக்கு விவரிப்புக் குரல்: Auto Duck-உடன் பழகிய அனுபவம்

பக்கத்து ஊர் முருகன் கோயிலில் வீடியோ எடுக்கும் நண்பர் போன வாரம் கேட்டார்: "பார்வை இல்லாதவங்களுக்கு நீங்க குரல் சேர்த்துப் போடுறீங்களே, அதுக்கு ஆடாசிட்டியே போதுமா, இல்ல காசு கொடுத்து வேற ஏதாவது வாங்கணுமா?" போதும் என்று உடனே சொல்லிவிட்டேன். ஆனால் அதில் ஒரு வசதி என்னை எவ்வளவு மகிழ வைத்ததோ அவ்வளவு கோபப்படவும் வைத்திருக்கிறது. அதைப் போனில் சொல்லி முடிக்க முடியவில்லை.

ஆடாசிட்டி இலவசம், ஒலிப்பதிவும் வெட்டி ஒட்டுவதும் அதில் எளிது என்பதெல்லாம் தெரிந்ததுதான். நான் சொல்ல வருவது Auto Duck பற்றி. மேலே ஒரு தடத்தில் வீடியோவின் ஒலி, அதற்கு நேர் கீழே இன்னொரு தடத்தில் உங்கள் விவரிப்புக் குரல். மேலே உள்ளதைத் தேர்வு செய்து Auto Duck கொடுத்தால், நீங்கள் பேசும் இடங்களில் மட்டும் இசை தானாகத் தணியும், பேச்சு முடிந்ததும் ஏறும். எவ்வளவு தணிய வேண்டும் என்பது Duck amount. தொடக்கத்தில் அது -12 டெசிபலில் இருக்கும். ஒரு மணி நேர அபிஷேகத்துக்கு இதை முதல்முறை ஓட்டிக் கேட்டபோது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. ஐயர் மந்திரம் சொல்கிறார், நான் "தயிர் அபிஷேகம்" என்கிறேன், மந்திரம் சற்றே ஒதுங்கி வழிவிட்டு மறுபடி முன்னால் வருகிறது. கையால் செய்தால் ஒரு மாலைப் பொழுது போகும்.

கோபம் தீபாராதனையில் ஆரம்பிக்கும்.

அதற்கு முன், எதை விவரிக்கிறோம் என்று சொல்லிவிடுகிறேன். அபிஷேகப் பகுதியில் வேலை குறைவு. எண்ணெய், மஞ்சள், பஞ்சாமிர்தம், பால், தயிர், இளநீர், சந்தனம், விபூதி என்று ஒவ்வொன்றும் மாறும்போது பெயரைச் சொன்னால் போதும். கேட்பவர்கள் பிறந்ததிலிருந்து கோயிலுக்குப் போகிறவர்கள். பால் அபிஷேகம் என்றால் என்ன என்று அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, இப்போது எது நடக்கிறது என்பது மட்டும்தான் தெரிய வேண்டும். "கண்கொள்ளாக் காட்சி", "அழகே உருவாக" போன்ற வார்த்தைகளை நான் சேர்ப்பதில்லை. வானொலியில் திருவிழா நேர்முக வர்ணனை கேட்டு வளர்ந்த நமக்கு அந்த நடை தானாக வாயில் வரும். ஆனால் வானொலி வர்ணனையாளருக்கு நேரத்தை நிரப்பும் பொறுப்பு உண்டு. இங்கே பாட்டும் மந்திரமும் ஏற்கெனவே நிரப்பியிருக்கின்றன. நாம் இண்டு இடுக்கில்தான் நுழைய வேண்டும்.

தீபாராதனை வேறு. திரை மூடியிருக்கும், உள்ளே அலங்காரம் நடக்கும், வெளியே நாதஸ்வரம். பிறகு ஒரே நேரத்தில் மணி அடிக்கும், திரை விலகும், தீபம் எழும். கண்ணுக்கு அதிக விஷயம் கிடைக்கும் அந்த நேரத்தில்தான் காதும் நிரம்பி வழிகிறது. எங்கள் வீடியோக்களைத் தொடர்ந்து கேட்கும் பார்வையற்ற இசை ஆசிரியர் ஒருவர் சொன்னது இது: "மணி அடிக்கிறப்போ நான் கும்பிடணும் தம்பி. அப்போ நீங்க பேசினா நான் உங்களைத்தான் கேட்பேன், சாமியைக் கும்பிட மாட்டேன். என்ன அலங்காரம்னு முன்னாடியே சொல்லிடுங்க."

அவர் சொன்னபடி செய்த ஒரு கிருத்திகை வீடியோவையே எடுத்துக்கொள்கிறேன். 21 நிமிடம் 40 விநாடியில் மணி தொடங்குகிறது. அதற்குச் சற்று முன், 21:28-ல், நாதஸ்வரக்காரர் ஒரு கீர்த்தனையை முடித்துவிட்டார். சுருதி மட்டும் ஓடுகிறது. கிடைத்த இடம் 12 விநாடி. நிதானமாகப் படித்தால் எனக்கு 10 விநாடிக்கு 15 சொல் வரும், ஆக 18 சொல்லுக்கு இடம் உண்டு. எழுதியது இது: "திரை மூடியிருக்கிறது. இப்போது விலகும். முருகன் ராஜ அலங்காரத்தில் நிற்கிறார். பச்சைப் பட்டு, வலக்கையில் வேல், கழுத்தில் செண்பக மாலை. இருபுறமும் வள்ளி, தெய்வானை." சரியாக 18. மயிலைச் சொல்ல இடமில்லை, விட்டுவிட்டேன். அதை அபிஷேகத்தின் தொடக்கத்தில் சந்நிதியைச் சொல்லும்போதே சேர்த்துவிடலாம். மணி தொடங்கிய பிறகு வாக்கியமே கிடையாது. "அடுக்கு தீபம்." "நாக தீபம்." "கும்ப தீபம்." "கற்பூரம்." ஒவ்வொன்றும் அந்தத் தீபம் கையில் எடுக்கப்படும் நொடியில். மணிச் சத்தத்தின் மேல் இரண்டு சொல் காதில் விழும், வாக்கியம் விழாது.

இந்த இடத்தில்தான் Auto Duck எல்லாவற்றையும் கெடுக்கும். "கும்ப தீபம்" என்று சொல்ல ஒரு விநாடி ஆகும். அதற்கு அரை விநாடி முன்பே மணி தணியத் தொடங்கி, சொன்ன பிறகு அரை விநாடியில் ஏறும். கேட்பவருக்கு யாரோ மணியைப் போர்வை போட்டு மூடித் திறப்பதுபோல இருக்கும். நான்கு தீபத்துக்கு நான்கு முறை. கோயில் மணி ஒரே சீராக நிறைந்து ஒலிப்பதில்தான் அந்த நேரத்தின் உணர்வே இருக்கிறது. அதை இந்த வசதி வெட்டி வெட்டிக் கொடுக்கிறது.

வழி உண்டு. Auto Duck தனக்கு நேர் கீழே உள்ள ஒரு தடத்தை மட்டுமே கவனிக்கும். ஆகவே தீபப் பெயர்களை மட்டும் தனியாகப் பதிவு செய்து மூன்றாவது தடத்தில் வைத்துவிட்டால் மணி தணியாது. பெயரைக் கொஞ்சம் உரக்கச் சொல்லிப் பதிவு செய்தால் போதும். இதை எந்த உதவிப் பக்கத்திலும் நான் பார்க்கவில்லை, அதனால்தான் இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

இன்னொரு தொல்லை Maximum pause. அது ஒரு விநாடியில் இருக்கும். இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே அதற்கு மேல் மூச்சு விட்டால் இசை உடனே எகிறிவிட்டு அடுத்த வாக்கியத்துக்கு மறுபடி விழும். விவரிப்பில் நிறுத்தம் தேவை, அவசரமாகப் படிக்க முடியாது. 3 என்று மாற்றுங்கள், இது தீரும். நாதஸ்வரம் வாசிக்கும்போதே பேசித்தான் ஆகவேண்டும் என்றால் -12 போதாது. பேச்சில் மெய்யெழுத்துகள் தெளிவாகக் கேட்க வேண்டிய அதே அலைவரிசையில்தான் நாதஸ்வரத்தின் கூர்மையும் இருக்கிறது. "பட்டு" எது, "பத்து" எது என்று தெரியாது. -18 வரை இறக்கினால் தெளியும், ஆனால் வாசிப்பு செத்துப்போகும். நான் இறக்குவதில்லை, வேறு இடைவெளி தேடிப் போகிறேன்.

தீராத குறை ஒன்று இருக்கிறது. ஓதுவார் பதிகம் பாடும்போது, அவர் அடி எங்கே முடிகிறது என்று இதற்குத் தெரியாது. என் குரல் எங்கே தொடங்குகிறது என்பது மட்டும்தான் தெரியும். அடி முடியும் இடத்தில் இழுத்து நிறுத்தும் கடைசிச் சொல்லின் மேலேயே அந்த அரை விநாடித் தணிவு போய் விழும். சொல்லின் வால் மங்கிப்போகும். ஒவ்வொரு முறையும் இதைக் கேட்டு எரிச்சல் வருகிறது, பாடியவருக்கு மரியாதைக் குறைவு செய்ததுபோல. கையால் சரிசெய்ய F2 அழுத்தினால் Envelope Tool வரும். அதில் அடி முடிந்த பிறகு தணியுமாறு புள்ளி வைக்கலாம். நேரம் பிடிக்கும், ஆனால் சரியாக வரும்.

கேப்ஷன் பற்றியும் நண்பர் கேட்டார். அதில் எனக்கு இவ்வளவு போராட்டம் இல்லை. பாட்டு வரியை மின்னும் மஞ்சள் எழுத்தில் படத்தின் மேலேயே பொறித்துவிடும் பழக்கத்தை மட்டும் விடச் சொன்னேன். அதைப் பெரிதாக்கவோ நிறம் மாற்றவோ அணைக்கவோ பார்ப்பவரால் முடியாது. தனிக் கோப்பாகக் கொடுங்கள். காது கேளாத ஒரு தம்பி என்னிடம் எழுதிக் காட்டியது: "எல்லா இடத்திலும் [இசை] என்று இருக்கிறது. எந்த இசை?" நியாயமான கேள்வி. நாதஸ்வரமா, ஓதுவாரா, மணியா என்று போட்டால்தான் சந்நிதியில் என்ன நடக்கிறது என்று அவருக்குப் பிடிபடும். கேப்ஷன் வழக்கம்போல அடியில் வந்தால் சாமியின் திருவடியை மறைக்கும். அதனால் மேலே ஏற்றுகிறேன்:

```
WEBVTT

00:21:40.000 --> 00:21:44.500 line:8%
[நாதஸ்வரம் நின்றது. கோயில் மணி தொடங்குகிறது]
```

இந்த `line:8%` எல்லா இடத்திலும் மதிக்கப்படுவதில்லை. ஏற்றிய பிறகு போனில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். பதிகத்தைப் பதம் பிரித்துக் கொடுங்கள். சந்தி சேர்ந்த அடி காதால் கேட்பவருக்குப் பழக்கம், கண்ணால் மட்டும் படிப்பவருக்கு அது ஒரே நீளச் சொல். ஓதுவார் ஒரே அடியைத் திரும்பப் பாடினால் எழுத்தை எடுக்காமல் வைத்து, [மீண்டும்] என்று சேர்த்தால் போதும்.

விவரிப்பு உள்ளதைத் தனி வீடியோவாகத்தான் ஏற்றுகிறேன். தலைப்பின் முதல் சொல்லே "விவரிப்புடன்" என்று இருக்கட்டும். திரைவாசிப்பான் தலைப்பைத் தொடக்கத்திலிருந்து படிக்கும், கடைசியில் போட்டால் "அருள்மிகு" தொடங்கி ஊர், தேதி வரை கேட்டுவிட்டுத்தான் அதைத் தெரிந்துகொள்ள முடியும்.

சரி, தீர்ப்பு. இவ்வளவு மெச்சிய Auto Duck-ஐ நண்பரே, நீங்கள் பயன்படுத்த வேண்டாம். உங்கள் கோயிலில் ஓதுவார் இருக்கிறார், அபிஷேகம் முழுக்கப் பாடுகிறார். Envelope Tool-ல் தொடங்குங்கள், ஆடாசிட்டியே போதும், காசு கொடுத்து எதுவும் வாங்காதீர்கள். நான் மட்டும் மந்திரம் ஓடும் பகுதிக்கு Auto Duck-ஐ விடமாட்டேன், அங்கே அதற்கு ஈடில்லை. இரண்டில் எதைச் செய்தாலும், முடித்ததை ஹெட்ஃபோனில் கேட்டு முடிவு செய்யாமல் போனின் சின்ன ஸ்பீக்கரில் போட்டுக் கேளுங்கள். பெரும்பாலானவர்கள் அப்படித்தான் கேட்கிறார்கள், ஹெட்ஃபோனில் தெளிவாக இருந்த பேச்சு அதில் மணிக்குள் காணாமல் போகும்.