பிறந்தநாள் பலூன் பேக்கேஜ்: முன்பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்

கும்பகோணம், பாபநாசம் பக்கம் இருப்பவர்களுக்காக இந்தப் பதிவு. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் "தீம் பேக்கேஜ்" என்று ஒரு விளம்பரம் சுற்றுகிறது. பலூன், மேசை விரிப்பு, கேக் மூன்றும் ஒரே கலரில் வரும், ஒரே ஆள் வீட்டுக்கே வந்து கட்டிவிடுவார், மொத்தம் 4,500 ரூபாய். எங்கள் மகளின் பிறந்தநாள் ஜூனில். குறுவை நாற்றங்காலுக்குப் பணம் போய்க்கொண்டிருக்கும் நேரம் என்பதால் இதற்கு மேல் ஒரு ரூபாய் கூடச் செலவு செய்ய முடியாது. லாவண்டரும் வெள்ளையும் என்று பேசி, பாதிப் பணத்தை ஜிபேயில் அனுப்பினோம். பேசியது 300 பலூன், சாட்டின் துணி, ஒன்றரைக் கிலோ கேக்.

விருந்தாளிகள் வர ஒரு மணி நேரம் இருக்கும்போதுதான் ஆள் வந்தார். இவர்கள் இப்படித்தான் வருவார்கள் என்று பிறகு விசாரித்ததில் தெரிந்தது. அந்த நேரத்தில் யாராலும் "வேண்டாம், எடுத்துக்கொண்டு போ" என்று சொல்ல முடியாது.

பலூன் மாலை ஏற்கெனவே கட்டிய நிலையில், பெரிய பாலித்தீன் பைகளுக்குள் இருந்தது. பார்த்தவுடன் மாமியார் கேட்டார்: "இது யாரு வீட்டு விசேஷத்துல கட்டினது?" அவர் சொன்னது சரிதான். புதிதாக ஊதிய ரப்பர் பலூனில் ஒரு பளபளப்பு இருக்கும். காற்றும் வெயிலும் பட்டால் சில மணி நேரத்திலேயே மேல்பரப்பு மங்கி, மாவு தடவியதுபோல் ஆகிவிடும். எங்களுக்கு வந்தவை அப்படித்தான் இருந்தன. கையால் அழுத்தினால் தொளதொளவென்று உள்ளே போனது, முடிச்சுப் பக்கம் சுருக்கம் விழுந்திருந்தது. நாலைந்து பலூன்களில் யாருடைய பெயரோ ஒட்டியிருந்த ஸ்டிக்கரின் பிசின் அப்படியே இருந்தது. முந்தின நாள் வேறு எங்கோ கட்டியதைக் கழற்றி எங்களுக்குக் கொண்டுவந்திருக்கிறார்.

300 என்ற கணக்கும் ஒரு தந்திரம். எண்ணிக்கை ஏறக்குறைய சரியாகத்தான் இருந்தது, ஆனால் முக்கால்வாசி ஐந்து அங்குலப் பலூன். கடையில் சாதாரணமாக நாம் வாங்குவது பத்து அங்குலம். ஐந்து அங்குலப் பலூன் அதில் பாதி என்று நினைக்காதீர்கள். சுவரில் அது மறைக்கும் இடம் பத்து அங்குலம் மறைப்பதில் கால் பங்குதான். அதனால் 300 பலூன் கட்டியும் பின்னால் சுவரின் சுண்ணாம்பு தெரிந்தது. நான்கு பலூனை ஒரு கொத்தாகக் கட்டி, பலூன் ஸ்ட்ரிப்பில் கோத்தால் ஒரு அடி நீளத்துக்குப் பத்து அங்குலப் பலூன் எட்டு அல்லது ஒன்பது போதும். எட்டடி வளைவுக்கு ஏறக்குறைய எழுபது. சின்னது இடையிடையே இடுக்கை அடைக்க மட்டும்தான். யாராவது எண்ணிக்கையை மட்டும் சொன்னால், "எந்த அளவில் எத்தனை?" என்று கேளுங்கள்.

கலர் விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாற்ற வசதியான இடம் அதுதான். லாவண்டர் என்று வந்ததில் பாதி, மினுங்குகிற மெட்டாலிக் கத்தரிப்பூ நிறம். கேட்டால், "போட்டோ மாடலுக்குத்தான்க்கா, கலர் முன்னப்பின்ன இருக்கும்" என்றார். கலர் மாறும் என்பது உண்மையும்கூட. ரப்பர் எவ்வளவு விரிகிறதோ அவ்வளவு நிறம் வெளுக்கும், அதனால் ஒரே பாக்கெட் பலூனே சிறிதாக ஊதினால் அடர்த்தியாகவும், முழுதாக ஊதினால் வெளிறியும் தெரியும். ஆனால் மினுங்காத பேஸ்டல் பலூனை எப்படி ஊதினாலும் மெட்டாலிக் ஆகாது. அது வேறு பாக்கெட். இதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, அந்தப் பாக்கெட்டிலிருந்து ஒரு பலூனைக் கேட்டு வாங்கி, முழுதாக ஊதி, பகல் வெளிச்சத்தில் பார்ப்பதுதான். விசேஷம் ராத்திரி என்றால் கூடத்து விளக்கிலும் பாருங்கள். மஞ்சள் பல்பில் லாவண்டர் சாம்பலடித்த மாதிரி ஆகிவிடும், வெள்ளை எல்இடியில் தப்பிக்கும்.

சாட்டின் துணி என்றது, கல்யாண மண்டபத்தில் பந்திக்கு விரிப்பார்களே, அந்த பிளாஸ்டிக் ரோல். அதுவும் ஊதா. மாமனாரின் எட்டு முழ வேட்டியை எடுத்து, கரை உள்பக்கம் போகும்படி மடித்து விரித்தோம். ஷாமியானா கடை மேசை ஆறடி நீளம், இரண்டடி அகலம். வேட்டியின் அகலம் ஏறக்குறைய ஐம்பது அங்குலம் என்பதால் மேசை மேல் இரண்டடி போக, முன்பக்கம் இன்னும் இரண்டடி தொங்கி, மேசைக் கால்களைக் கிட்டத்தட்ட மறைத்துவிட்டது. அந்த பிளாஸ்டிக் ரோலுக்கா 500 ரூபாய் பேசினோம் என்று வயிறு எரிந்தது.

கேக் பெட்டியோடு நிறுத்தால் சரியாக ஒன்றரைக் கிலோ. வெட்டி முடித்து அட்டையையும் பெட்டியையும் தனியாக வீட்டுத் தராசில் வைத்தேன், கால் கிலோவுக்குப் பக்கத்தில் வந்தது. அட்டையையும் பெட்டியையும் கேக் விலைக்கு விற்பது சட்டப்படி தப்பு. எடை என்றால் உள்ளே இருக்கும் பொருளின் எடைதான். தமிழ்நாட்டில் இதைக் கவனிப்பது தொழிலாளர் துறையில் உள்ள முத்திரை ஆய்வாளர்கள். நுகர்வோர் உதவி எண் 1915-லும் புகார் சொல்லலாம். 1915 பெயரைச் சொன்ன பிறகுதான் அந்த ஆள் 300 ரூபாயைத் திருப்பி அனுப்பினார். பலூனுக்கு இன்றுவரை பதில் இல்லை.

கேக்கின் கலரும் லாவண்டர் இல்லை, நீலம். இதில் பாதி அவர் தப்பு, பாதி அந்த நிறத்தின் குணம். ஊதாவைச் சிவப்பும் நீலமும் கலந்துதான் பெரும்பாலும் எடுக்கிறார்கள். வெளிச்சத்தில் சிவப்பு முதலில் மங்கும், நீலம் நிற்கும். முந்தின நாளே க்ரீம் பூசி கண்ணாடி அலமாரியில் வைத்திருந்தால் இப்படி ஆகும். அடர்த்தியான நிறம் கேட்டால் சாயத்தை அள்ளிப் போடுவார்கள், அப்புறம் குழந்தைகளின் நாக்கெல்லாம் நீலம். வெள்ளை கேக் சொல்லி, ஓரத்தில் மட்டும் அன்றைக்குக் கலந்த க்ரீமில் ஒரு வரி போடச் சொல்வது எவ்வளவோ மேல்.

"கூட 600 கொடுத்தால் கேஸ் பலூன் பத்து தரேன்" என்றும் ஆசை காட்டினார். நல்லவேளை, எங்களிடம் பணம் இல்லை. ஹீலியம் விலை அதிகம், அதனால் பல இடங்களில் நிரப்புவது ஹைட்ரஜன். மெழுகுவத்தி ஏற்றும் மேசைக்குப் பக்கத்தில் அது பட்டென்று தீப்பிடிக்கும். எது என்று எழுதித் தராத ஆளிடம் கேஸ் பலூனே வாங்காதீர்கள்.

போன மாதம் தங்கை மகனுக்கு நாங்களே செய்தோம், இளம்பச்சையும் வெள்ளையும். பேஸ்டல் பத்து அங்குலம் நூறு கொண்ட பாக்கெட் 300, வெள்ளை ஐம்பது 150, கைப்பம்பும் ஸ்ட்ரிப்பும் 150, ஒரு கிலோ வெள்ளை கேக் 800. ஆக 1,400 ரூபாய். விரிப்பு அதே வேட்டி. மத்தியானம் ஊதி கூடத்துக்குள்ளேயே கட்டினோம், திண்ணை வெயிலுக்குக் கொண்டுபோகவில்லை. ஏழெட்டு வெடித்தன, அதற்குத்தான் கூடுதலாக வாங்கியது.

நேரமில்லை, ஆள் வைத்தே ஆக வேண்டும் என்பவர்கள் முன்பணம் அனுப்பும் முன் இப்படி ஒரு செய்தி அனுப்பி, "சரி" என்று பதில் வாங்கி வையுங்கள்: "பத்து அங்குலப் பேஸ்டல் லாவண்டர் 50, வெள்ளை 30, புதுப் பாக்கெட், எங்கள் வீட்டில் வந்து ஊத வேண்டும். துணி சாட்டின். கேக் அட்டை, பெட்டி இல்லாமல் ஒன்றரைக் கிலோ. விசேஷத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் வர வேண்டும்." எங்கள் தெருவில் ஒருவர் இதை அதே ஆளுக்கு அனுப்பினார். "அன்னிக்கு வேற ஆர்டர் இருக்குங்க" என்று பதில் வந்தது.